மலத்தில் எதைத் தேடுகிறோம்?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ஒட்டுசுட்டானில் வயல் செய்கிறார். களைப்பாகக் கிடக்கிறது என்று கிளினிக்கில் காட்டினோம். ஈமோகுளோபின் 8.2, இரும்புச்சத்துக் குறைவு என்று சொல்லிக் குளிசை தந்து, மலத்தில் மறைந்த இரத்தம் பார்க்கச் சொன்னார்கள். ஒருமுறை பார்த்தோம், 'நெகட்டிவ்'. வெளி லாப்பில் கல்ச்சர், பூச்சி முட்டை, அன்டிஜன் எல்லாம் சேர்த்துச் செய்யலாம் என்கிறார்கள். வயிற்றோட்டம் இல்லை. எல்லாவற்றையும் செய்வதா? நெகட்டிவ் என்றால் பயமில்லைத்தானே?

பதில்: எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். அந்த 'நெகட்டிவ்'வை நம்பி நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். இரண்டில் பின்னது முக்கியம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாதவிடாய் இல்லாத ஒருவருக்கு, அதுவும் 58 வயதில், இரும்புச்சத்து இவ்வளவு இறங்கினால் வயிற்றுக்குள் எங்கேயோ இரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். மலம் தார்போலக் கறுப்பாக வருவதற்கு ஒரு நாளில் ஏறத்தாழ 50 மில்லிலீற்றருக்கு மேல் இரத்தம் இரைப்பைப் பக்கமாகப் போக வேண்டும். அதற்குக் குறைந்த கசிவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மாதக்கணக்கில் ஓடினால் உடம்பிலுள்ள இரும்பையெல்லாம் வடித்துவிடும். இந்தக் கசிவைப் பிடிக்கத்தான் மறைந்த இரத்தப் பரிசோதனை.

அது இரண்டு வகை. பழைய வகையில் அட்டையில் மலத்தைப் பூசி, மேலே ஐதரசன் பெரொட்சைட்டுச் சொட்டு விடுவார்கள். இரத்தம் இருந்தால் நீலமாகும். இது எந்த இரத்தத்துக்கும், சில காய்களிலுள்ள பொருளுக்கும் நீலமாகும் என்பதால் சோதனைக்கு முந்திய மூன்று நாட்களில் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பச்சை முள்ளங்கி சாப்பிட்டிருந்தால் பொய்யாகப் 'பொசிட்டிவ்' வரலாம். விற்றமின் சி அதற்கு நேரெதிர்: இரத்தம் இருந்தாலும் நீலம் வரவிடாது. இரும்புக் குளிசையோடு விற்றமின் சி குளிசையும் கொடுப்பது நம்மிடம் வழக்கம். அப்பாவுக்குத் தந்த பொட்டலங்களைப் பாருங்கள். நாளுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் எடுத்துக்கொண்டு இந்தச் சோதனை செய்திருந்தால் உங்கள் நெகட்டிவுக்குப் பெறுமதி இல்லை. இரத்தம் ஒவ்வொரு நாளும் கசிவதில்லை, மலம் முழுக்கச் சமமாகக் கலப்பதும் இல்லை. அதனால்தான் மூன்று வெவ்வேறு நாள் மலத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்வது. ஒருமுறை பார்த்தது போதாது.

புதிய வகை மனித இரத்தப் புரதத்தை மட்டும் அடையாளம் காணும். பத்தியம் வேண்டாம். ஆனால் இரைப்பைப் புண்ணிலிருந்து கசியும் இரத்தத்தின் புரதம் குடலில் சமித்துப்போவதால் அங்கேயுள்ள கசிவை இது தவறவிடும். பெருங்குடலுக்குத்தான் நல்லது. வெயிலிலும் அந்தப் புரதம் சிதையும். மத்தியானப் பஸ்ஸில் பையிலேயே கிடந்த மலத்தில் சோதனை நெகட்டிவாக வரலாம்.

இரும்புக் குளிசை குடிப்பவரின் மலம் கருமையாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. கரும்பச்சையாய், சாதாரண பதத்தில் இருந்தால் அது இரும்பு. தார்போலப் பளபளத்து, ஒட்டி, தாங்க முடியாத நாற்றம் அடித்தால் அது இரத்தம். அப்படி வந்தால் அல்லது மூச்சுவாங்கல், நெஞ்சுநோ வந்தால் மலத்தை எடுத்து லாப்புக்குப் போகக்கூடாது, ஆளைக் கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லாப் சொன்ன மற்றவற்றில் அப்பாவுக்குப் பொருந்துவது பூச்சி முட்டை பார்ப்பது மட்டும்தான். சேற்றிலும் ஈரமண்ணிலும் வெறுங்காலோடு நிற்பவருக்குக் கொழுக்கிப்புழு தோல் வழியாக ஏறும். அது வயிற்றோட்டம் தராமலே குடற்சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கும். குருதி அறிக்கையில் ஈயோசினோபில் என்ற வெள்ளணு கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். முட்டை ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் வெளிவராது. ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று மாதிரி, பத்து நாளுக்குள் கொடுங்கள். அண்மையில் பூச்சிக் குளிசை குடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள், முட்டை தெரியாமல் போகலாம்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் பிழைக்கிறது. மலசலகூடக் குழியிலிருந்து அள்ளக்கூடாது. அங்குள்ள தண்ணீரும் கழுவும் திரவமும் சோதனையைக் கெடுக்கும், சிறுநீர் பட்டாலும் கெடும். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, காய்ந்த சட்டியில் அல்லது விரித்த பொலித்தீனில் மலம் கழித்து, லாப் தந்த போத்தலின் கரண்டியால் கொட்டைப்பாக்கு அளவு எடுத்தால் போதும். இரத்தமோ சளியோ தெரிந்தால் அந்த இடத்திலேயே எடுங்கள். போத்தலில் பெயரையும் எடுத்த நேரத்தையும் எழுதி, அன்று காலையே கொடுங்கள். சூட்டில் ஒருநாள் கிடந்தால் கொழுக்கிப்புழு முட்டை பொரித்துக் குடம்பி வெளியே வரும். அது வேறொரு புழுவின் குடம்பிபோலவே இருப்பதால் அறிக்கை மாறிப்போகலாம். தாமதமாகும் என்றால் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய விட வேண்டாம்.

கல்ச்சர் இப்போது காசுக்குக் கேடு. சல்மொனெல்லா, சிகெல்லா போன்ற கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது அது. காய்ச்சலோடு இரத்தமும் சளியுமாகப் போகும் கடும் வயிற்றோட்டத்துக்கே அது உதவும். அப்போதும் அன்டிபயொட்டிக் தொடங்கமுன் எடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் லாப்பில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் கிருமியைக் காக்கும் ஊடகம் உள்ள குழாயை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

அன்டிஜன் சோதனை என்பது ஒரு கிருமிக்கே உரிய பொருளை மலத்தில் தேடுவது. அது ஒரே சோதனையல்ல, எதன் அன்டிஜன் என்று கேட்க வேண்டும். வாரக்கணக்கில் நாற்றமான வயிற்றோட்டம், வயிற்று ஊதல், மெலிவு இருப்பவருக்கு ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியின் அன்டிஜன் நல்லது, ஒருமுறை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதைவிட அது நன்றாகப் பிடிக்கும். அமீபாவிலும் அப்படித்தான். 'அமீபா சிஸ்ட் உண்டு' என்று அறிக்கை வந்ததும் மெற்றோனிடசோல் குடிப்பவர்கள் பலர். நோய் தரும் அமீபாவும் தராத அமீபாவும் சிஸ்ட் எனும் ஓடு மூடிய நிலையில் ஒரே மாதிரித் தெரியும், இரண்டையும் பிரித்துக் காட்ட அதற்கென்றுள்ள அன்டிஜன் சோதனை வேண்டும். அப்பாவுக்கு இவை இரண்டும் தேவையில்லை. இரைப்பைக் கிருமியான பைலோரியின் அன்டிஜன் பின்னர் தேவைப்படலாம். அதற்கு முன் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் இரண்டு வாரமும் அன்டிபயொட்டிக் நான்கு வாரமும் எடுத்திருக்கக்கூடாது.

கொழுக்கிப்புழு இருப்பது தெரிந்தாலும் அல்பெண்டசோல் பூச்சிக் குளிசையோடு கதையை முடிக்காதீர்கள். இந்த வயதில் புழுவும் இரைப்பைப் புண்ணும், ஏன் பெருங்குடல் கட்டியும்கூட ஒரே ஆளிடம் இருக்கலாம். மறைந்த இரத்தம் மூன்று முறையும் நெகட்டிவ் வந்தாலும், இரும்புக் குறைவு உறுதி என்றால் வாய் வழியாகவும் மலவாய் வழியாகவும் கமெரா விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். கிளினிக் டிக்கற்றையும் குருதி அறிக்கையையும் கொண்டுபோய், மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். இடுப்பு நோவுக்கு டைக்ளோபினாக் போடுகிறாரா, அஸ்பிரின் குடிக்கிறாரா என்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள், இவை இரைப்பையைப் புண்ணாக்கிக் கசிய வைக்கலாம். இதயத்துக்குத் தந்த அஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். மலவாய்க் கமெராவுக்கு நாள் குறித்தால், அதற்கு ஒரு கிழமைக்கு முன் இரும்புக் குளிசையை நிறுத்துவதா என்று கேளுங்கள். கரும் மலம் குடற்சுவரில் ஒட்டிக்கொண்டால் சின்னக் கட்டிகள் மறைந்துவிடும்.