அருகம்புல்லா, வேறு புல்லா? அடிக்கணுவைப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அருகம்புல்லைப் பற்றியவை. சதுர்த்தி நெருங்குகிறது, பெங்களூரில் மழையும் விட்டபாடில்லை. எல்லாப் புல்லும் ஒன்றாகக் கதிர் விட்டு நிற்கும் நேரம் இது.

வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் அருகம்புல் பறித்தேன். மாமியார் ‘இது அருகு இல்லை’ என்கிறார். கதிர் விரல் விரலாகத்தானே இருக்கிறது? (வாசகி, அல்சூர்)

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. விரல் விரலாகக் கதிர் விடும் புற்கள் நம் ஊரில் பல இருக்கின்றன, அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. நீங்கள் கொடுத்தனுப்பிய கொத்தை மேசையில் பரப்பிப் பார்த்தேன். கதிரில் ஆறு விரல்கள். ஐந்து ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன, ஆறாவது ஒரு விரற்கடை கீழே தனியாக நிற்கிறது. அருகம்புல்லில் அப்படி வராது. மூன்று முதல் ஆறு வரை மெல்லிய விரல்கள், எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பி போல விரியும்.

அடுத்து அடிப்பகுதியைப் பார்த்தேன். தண்டு தட்டையாக நசுங்கியதுபோல் வெளுத்து, மண்ணோடு ஒட்டி வட்டமாகப் படிந்திருந்தது. ஓடுதண்டு ஒன்றுகூட இல்லை. அருகோ தரையில் ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும்.

எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லாமல் தீர்த்துக்கொடுத்தது இலைநாதான். இலைப்பரப்பு தண்டைச் சுற்றிய உறையோடு சேரும் இடத்தில், உள்பக்கமாக இருக்கும் சின்ன உறுப்பு அது. இலையைத் தண்டிலிருந்து மெதுவாகப் பின்னால் வளைத்தால் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் நல்லது. அருகம்புல்லில் அந்த இடத்தில் வெள்ளை மயிர் வரிசை இருக்கும். உங்கள் புல்லில் இருந்தது குட்டையான சவ்வு, ஓரம் சற்றுக் கிழிந்தாற்போல். கேழ்வரகின் நெருங்கிய சொந்தமான காட்டு ராகி இது. கதிரைப் பார்த்தால் ராகிக் கதிரை இளைக்க வைத்ததுபோல் இருப்பது அதனால்தான்.

பூ விடாத அருகையும் இந்த மயிர் வரிசையை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். சதுர்த்திக்குப் பறிக்கும் இளந்தளிரில் பெரும்பாலும் கதிரே இருக்காது என்பதால் இது உதவும்.

அப்பார்ட்மென்ட் புல்வெளியை வாரா வாரம் வெட்டுகிறோம். கதிரே வர விடுவதில்லை. வேறு களை வந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? (கம்மனஹள்ளி)

குருத்தைப் பிடித்துப் பாருங்கள். புது இலை வெளியே வரும் முன் குருத்துக்குள் இரண்டு விதமாக இருக்கும்: நடுநரம்போடு இரண்டாக மடிந்திருக்கும், அல்லது பாய் போலச் சுருண்டிருக்கும். தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். மடிந்த குருத்தென்றால் தட்டையாகத் தடுக்கித் தடுக்கிப் புரளும், சுருண்டதென்றால் பென்சில் போல உருளும். நம்பிக்கை வரவில்லையா, பிளேடால் குறுக்கே சீவி வெட்டுமுகத்தைப் பாருங்கள்.

காட்டு ராகி மடிந்த வகை. அதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளும் டிஜிடேரியா, ஆங்கிலத்தில் கிராப்கிராஸ் என்பது, சுருண்ட வகை. இரண்டுக்கும் இலைநா சவ்வுதான், ஆகவே அங்கே குருத்துதான் பிரித்துக்காட்டும். வெட்டிய புல்வெளியிலும் காட்டு ராகி வெட்டுமட்டத்துக்குக் கீழே படிந்து கதிர் விடும். மண் ஈரமாக இருக்கும்போது, விதை கொட்டுவதற்கு முன், வேரோடு பிடுங்கிவிடுங்கள். அது ஓராண்டுப் புல், பிடுங்கினால் போய்விடும். அருகைப் பிடுங்கினால் அப்படி இல்லை. மண்ணுக்குள் நிற்கும் கிழங்குத்தண்டிலிருந்து திரும்பத் துளிர்க்கும்.

ஒரு எச்சரிக்கை: முற்றிய இலையை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். வெயிலில் வாடிய இலை மடிந்ததுபோலவே இருக்கும். நடுக்குருத்து மட்டும்தான் சாட்சி.

கொரியன் புல் என்று வாங்கினோம். அதற்கும் இலைநா இடத்தில் மயிர் இருக்கிறதே, அருகைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா? (ஒயிட்ஃபீல்டு)

அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கொரியன் புல்லுக்கும் மயிர் இலைநாதான், இங்கே அந்த அடையாளம் உங்களுக்கு உதவாது. ஓர் ஓரத்தை வெட்டாமல் விட்டுப் பாருங்கள். கொரியன் புல்லுக்கு விரல்கள் கிடையாது, ஒற்றைக் குச்சி போல ஒரே கதிர் வரும். விரல் விரித்தால் அருகு.

தொட்டியில் பளபளப்பான புல், எவ்வளவு பிடுங்கினாலும் வருகிறது.

தண்டின் அடியை உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் அது புல் இல்லை, கோரை. இலைகளும் மூன்று திசையில் அடுக்கியிருக்கும், இலைநா இருக்காது. மண்ணைக் கிளறி, கொத்தாகக் கோத்திருக்கும் கிழங்குகளை எடுக்காமல் மேலே மட்டும் பிடுங்கினால் மறுபடியும் வரும்.