டைல்ஸ் முடிவு தாமதமானதால் வேலை நிறுத்தம் என்று ஒப்பந்ததாரர் அனுப்பும் நோட்டீஸ்

கேள்வி: சேலத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். டைல்ஸ், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் எதுவும் முடிவாகவில்லை என்று வேலையை நிறுத்தி காண்ட்ராக்டர் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். டைல்ஸ் ஒட்டுவது கடைசி வேலைதானே? இது நியாயமா, என்ன பதில் எழுதுவது?

பதில்:

டைல்ஸ் ஒட்டுவது கடைசி வேலைதான். ஆனால் அதன் கனம் எவ்வளவு, எந்த ஷவர் மிக்சர், எந்த க்ளாசெட் என்பவை சுவர் பூசுவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டியவை. ஆகவே நோட்டீஸில் எந்தெந்த வேலைகள் நிறுத்தப்பட்டதாக எழுதியிருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள். குளியலறைகளையும் சமையலறைச் சுவரையும் நிறுத்தியிருந்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வெளிப்பூச்சு, மொட்டைமாடி, சுற்றுச்சுவர் ஆகியவற்றையும் சேர்த்து நிறுத்தியிருந்தால், அந்த அளவுக்கு நியாயம் இல்லை.

நான் சேலத்தில் பல ஆண்டுகளாக வீடுகள் கட்டித்தரும் பொறியாளர். இத்தகைய நோட்டீஸை நானே அனுப்பியிருக்கிறேன். கன்னங்குறிச்சியில் இரண்டு தளங்களும் மூன்று குளியலறைகளும் கொண்ட ஒரு வீட்டுக்கு, மார்ச் 4 அன்று தேவையான முடிவுகளை எழுதிக் கேட்டு, மார்ச் 20 வரை அவகாசம் கொடுத்தேன். 24ஆம் தேதி நினைவூட்டினேன். ஏப்ரல் 1 அன்று குளியலறை வேலைகளை மட்டும் நிறுத்துவதாகக் கடிதம் கொடுத்தேன். வீட்டு உரிமையாளர் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நீங்கள் கேட்டிருக்கும் அதே கேள்வியோடு சைட்டுக்கு வந்தார்.

அவரை மாடிக் குளியலறைக்கு அழைத்துச் சென்று, ஷவருக்காகக் காடி வெட்டியிருந்த செங்கல் சுவரில் டேப்பை வைத்துக் காட்டினேன். சுவருக்குள் புதைந்து, வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து ஷவருக்குத் திருப்பிவிடும் டைவர்ட்டரின் உடல் எந்த ஆழத்தில் உட்கார வேண்டும் என்பது, முடிந்த டைல் முகத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. கலவை வைத்து ஒட்டினால், பூச்சு 12 மி.மீ., கலவை 12, டைல் 8 என்று செங்கல் முகத்துக்கு மேல் 32 மி.மீ. வரும். டைல் பசையில் ஒட்டினால் கலவை இருந்த இடத்தில் 4 மி.மீ. போதும், மொத்தம் 24. இந்த 8 மி.மீ. வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், உடல் அதிகம் உள்ளே போய்விட்டால் கைப்பிடி எட்டாமல் நீட்டிப்புத் துண்டு தேட வேண்டியிருக்கும், அதிகம் வெளியே நின்றால் மூடித்தட்டு சுவரோடு படியாமல் இடைவெளி காட்டும். டைவர்ட்டரின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியிலேயே குறைந்தபட்ச, அதிகபட்ச ஆழக் கோடுகள் இருக்கும். ஆனால் அவை மாடலுக்கு மாடல் மாறும். எந்த மாடல் என்று தெரியாமல் குழாய்க்காரர் குழாயைப் பொருத்தவே முடியாது. குழாய் பொருத்தி, அழுத்தச் சோதனை முடிந்த பிறகுதான் கொத்தனார் பூச முடியும்.

க்ளாசெட் இதைவிடக் கடினமானது. தரையில் கழிவு இறங்கும் எஸ்-ட்ராப் வகையில், முடிந்த சுவரிலிருந்து குழாயின் மையம் 9 அங்குலமா 12 அங்குலமா என்பதை வாங்கும் பொருள்தான் தீர்மானிக்கிறது. சுவரில் தொங்கும் வகை என்றால் குழாய் சுவர் வழியே போக வேண்டும். தண்ணீர்த் தொட்டி மறைவாக இருக்க, நாலரை அங்குலச் சுவரைக் குடைவதற்குப் பதிலாக முன்னால் தனியாக ஒரு சிறு சுவர் எழுப்ப வேண்டும். முன்பு அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டில், உரிமையாளர் சொல்லட்டும் என்று காத்திராமல், பூசாத செங்கல் முகத்திலிருந்து 9 அங்குலம் என்று நானே வைக்கச் சொல்லிவிட்டேன். அவர்கள் பிறகு வாங்கி வந்தது 12 அங்குலம் கேட்டது. ஒட்டிய தரையை உடைத்தோம். அதற்கடியிலிருந்த நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் அறுபட்டது. அதைச் சரிசெய்தும், ஐப்பசி மழைக்கு முன்பே கீழறை உத்தரத்தில் ஈரக்கறை தெரிந்தது. அந்தக் கறைக்கு யார் பொறுப்பு என்பதில் வந்த மனக்கசப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊகத்தில் தொடர்வதைவிட எழுதிக் கொடுத்து நிறுத்துவதே மேல் என்று நான் முடிவெடுத்தது அங்கேதான்.

கூடத்துத் தரையும் இப்படித்தான். கிரானைட்டா விட்ரிஃபைடா என்பதைப் பொறுத்து தரைமட்டம் மாறும். அது தெரியாமல் கதவு நிலையையும் படிக்கட்டின் முதல் படியையும் சரியாக அமைக்க முடியாது.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, வேலையைச் செய்வதற்கு நியாயமான வசதியை வேலை கொடுத்தவரே செய்துதரத் தவறினால், அதனால் விளைந்த குறைக்கு வேலை ஏற்றவர் பொறுப்பல்லர் என்கிறது. அந்தப் பிரிவில் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டே ஒரு வீட்டைப் பழுதுபார்ப்பது பற்றியதுதான்: எந்தெந்த இடம் பழுது என்று வீட்டுக்காரர் காட்டாவிட்டால், அதன் காரணமாக வேலை நடக்காததற்குப் பழுதுபார்ப்பவர் பொறுப்பாக மாட்டார். ஆனால் அந்தத் தவறினால் விளைந்த தாமதத்துக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு. உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலையை நிறுத்துவதற்கு இதைக் காரணம் காட்ட முடியாது. முடிவு வேண்டும் என்று முன்கூட்டியே, தேதி குறிப்பிட்டுக் கேட்காமல் திடீரென்று நோட்டீஸ் கொடுத்திருந்தாலும் அவர் வாதம் வலுவிழக்கும். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாலும் கேட்டதுதான். பழைய செய்திகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

கன்னங்குறிச்சி வீட்டில் ஏப்ரல் 16 அன்று முடிவுகள் வந்தன. மார்ச் 20இலிருந்து 27 நாள் தாமதம். அதற்குள் குளியலறைக் கொத்தனார்கள் ஓமலூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டதால், அவர்களைத் திரும்ப அழைக்க ஒரு வாரம் சேர்த்து 34 நாள் கேட்டேன். ஒப்படைப்பு ஜூன் 30இலிருந்து ஆகஸ்ட் 3 ஆனது. வெளிப்பூச்சு அந்த நாள்களிலும் தொடர்ந்து நடந்ததால், சும்மா இருந்த கூலி என்று நான் எதுவும் கேட்கவில்லை. உங்களிடம் அப்படிக் கேட்டால், யார் எத்தனை நாள் எந்த வேலையின்றி இருந்தார்கள் என்ற கணக்கை எழுதி வாங்குங்கள்.

இனி உங்கள் பதில். டைலின் வண்ணத்திலும் பூவேலையிலும் வீட்டில் ஒருமித்த கருத்து வரவில்லை என்றால், அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். டைலின் அளவு, கனம், ஒட்டும் முறை, டைவர்ட்டர் மாடல், க்ளாசெட் மாடல், சமையலறைக் குழாய் சுவரிலா மேடையிலா என்ற இவற்றை மட்டும் இந்த வாரத்துக்குள் முடித்து, மாடல் எண்களோடு எழுதுங்கள். ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: "உங்கள் கடிதம் கிடைத்தது. கீழ்க்கண்ட மாடல்களை உறுதி செய்கிறோம். டைவர்ட்டர்கள் வெள்ளிக்கிழமை சைட்டுக்கு வரும். டைல் வண்ணத்தை 25ஆம் தேதிக்குள் தெரிவிப்போம். குளியலறை வேலை எந்தத் தேதியில் மீண்டும் தொடங்கும், ஒப்படைப்பு எத்தனை நாள் தள்ளிப்போகும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். வெளிப்பூச்சு எங்கள் முடிவைச் சார்ந்ததல்ல; அதைத் தொடரவும்."

வண்ணத்துக்கு 25ஆம் தேதி என்று எழுதினால் அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். நம் ஊர்க் கடைகளுக்கு வரும் டைல்களில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருபவை. அதே டிசைன் என்றாலும் அடுத்த லாட்டில் நிறம் சற்று மாறும். எனவே பெட்டிகளில் உள்ள லாட் எண் எல்லாம் ஒன்றுதானா என்று பார்த்து, வெட்டுச் சேதத்துக்கும் பின்னாள் பழுதுக்கும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். டைவர்ட்டர் பொருத்தியவுடன், பூச்சுக்கு முன்பாக, டேப்பை வைத்து ஆழம் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து ஒப்பந்ததாரருக்கு அனுப்பி வையுங்கள்.