எடுக்காத லாபம் கடையில் என்ன செய்கிறது?

"கோபியில பைப்பு, மோட்டார் சாமான் கடை வச்சிருக்கறனுங்க. தையில மகன்கிட்ட ஒப்படைக்கறேன். அன்னைக்கு, லாபத்தை வெளிய எடுக்காம கடையிலயே போடறது ஏன் நல்லதுன்னு வேலை செய்யற பசங்க எட்டுப் பேருகிட்ட பேசோணும். அவங்களுக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றதுங்க?"

முதலில் சம்பளம், போனஸ் பேச்சை முடித்துவிடுங்கள். அவை செலவுக் கணக்கு. அவற்றைக் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். இதைச் சொல்லாமல் "கடையிலயே போடறோம்" என்று ஆரம்பித்தால், தங்கள் போனஸில் கை வைக்கிறார்கள் என்றுதான் பசங்களுக்குப் படும்.

அடுத்து, மொத்த லாபத்தைப் பற்றிப் பேசாமல் ஒரே ஒரு லட்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்குங்கள். கம்பெனிக்காரர் 30 நாள் கடனுக்கும் சரக்குத் தருவார். ரொக்கம் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடியும் தருவார் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் சப்ளையர் தரும் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.) இப்படிச் சொல்லலாம்:

"இந்த லட்சத்தை எடுத்து பேங்குல 7 சதவீதத்துக்குப் போட்டா வருசத்துக்கு 7,000 வரும். கடையிலயே விட்டா ரொக்கத்துக்குச் சரக்கெடுக்கலாம், ஒரு தடவைக்கு 2,000 மிச்சம். மாசா மாசம் வித்துக் காசாச்சுன்னா 12 தடவை, 24,000. விக்கற லாபம் இதுல சேரலீங்க."

பேச்சின் உயிர் இதற்கு அடுத்ததில் இருக்கிறது. அதே லட்சம் திரும்பி வர இரண்டு மாதமானால் மிச்சம் 12,000. நான்கு மாதமானால் வெறும் 6,000; பேங்கே மேல். ஆக, கடையில் போட்ட பணம் ஜெயிப்பதும் தோற்பதும் சரக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்பதில்தான் இருக்கிறது. அந்தச் சுற்று முதலாளி கையில் இருப்பதைவிடப் பசங்க கையில்தான் அதிகம்.

சுற்று நிற்பது இரண்டு இடங்களில். ஒன்று, ஓடாத அளவில் வாங்கிய எல்போ, டீ, வால்வு. பெட்டி வந்த அன்றே வந்த மாதத்தை மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் தாண்டிய பெட்டி கண்ணில் பட்டால் அடுத்த ஆர்டருக்கு முன் மகனிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று, பிளம்பர்கள் வைக்கும் பாக்கி. பழைய பாக்கி தீராமல் புதுச் சாமான் கட்டினால் கணக்கில் லாபம் தெரியும், கல்லாவில் காசு இருக்காது. பல கடைகள் நல்ல வியாபாரத்திலேயே திணறுவது இதனால்தான்.

வரி மிச்சமாகும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தனி உரிமையாளர் கடையில் லாபத்தை எடுத்தாலும் விட்டாலும் வரி ஒன்றுதான்.

முழு லாபத்தையும் கடையில் போடவும் வேண்டாம். உங்கள் வீட்டுச் செலவு, மருத்துவத்துக்கான தொகையை முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். மீதியில் கோடைக்கு முன் எந்தச் சரக்கு எவ்வளவு எடுக்கப் போகிறீர்கள் என்பதை அன்றைக்கே தொகையோடு பசங்களிடம் சொல்லிவிடுங்கள்.