விழாவுக்குப் போகாதவர் படத்தில் கவுனும் தொப்பியும்: கேள்வி பதில்

ஸ்டுடியோவில் இருபத்திரண்டு வருடமாகப் படத் திருத்தம் செய்கிறேன். பட்டமளிப்பு விழாவுக்குப் போக முடியாதவர்களின் படத்தில் கவுன் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். போட்டோஷாப் ஓரளவு தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியது.

"அம்மா ஐம்பத்திரண்டு வயதில் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. முடித்தார். பட்டம் தபாலில்தான் வந்தது. பட்டுச்சேலையில் தம்பி எடுத்த நல்ல படம் ஒன்று இருக்கிறது. அதில் கவுன் போட எங்கிருந்து தொடங்குவது?" (ஒரு மகள், திண்டுக்கல்)

அம்மாவின் தலையை வெட்டி வேறொருவர் உடம்பில் ஒட்ட வேண்டாம். முதலில் சொல்ல வேண்டியது அதுதான். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கழுத்தின் நீளமும் நிறமும் அங்கேயே மாறிவிடும். பெற்ற பிள்ளைக்கு அது உடனே தெரியும், காரணம்தான் சொல்லத் தெரியாது. அம்மாவின் படம் அப்படியே அடியில் இருக்கட்டும். கவுனை அதன்மேல் போர்த்துங்கள். அவருடைய கழுத்து, சங்கிலி, மார்பருகே தெரியும் சேலை எல்லாம் அவருடையதாகவே இருக்கும்.

சென்ற ஆண்டு வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு செவிலியருக்கு இப்படிச் செய்தேன். விடுப்பு கிடைக்காமல் விழாவுக்கு வர முடியாமல் போனவர். அவர் அனுப்பிய படத்தில் ஜன்னல் வெளிச்சம் அவருடைய இடது பக்கத்திலிருந்து வந்தது, உடம்பு லேசாக வலப்பக்கம் திரும்பியிருந்தது. பள்ளி ஆண்டு விழாவுக்கு டிரஸ் வாடகை விடும் கடையில் ஒரு கவுன் எடுத்துவந்து, கிட்டத்தட்ட அதே உடல்வாகு உள்ள என் தங்கைக்குப் போட்டுவிட்டேன். அவளையும் அதே பக்கம் ஜன்னல் இருக்கும்படி, அதே கோணத்தில் திரும்பி உட்கார வைத்து, கேமராவை அவள் கண் உயரத்தில் வைத்து எடுத்தேன். வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. வெளிச்சம் எதிர்ப்பக்கமாக விழும் கவுனைக் கொண்டுவந்தால், பிறகு எவ்வளவு திருத்தினாலும் மடிப்புகள் காட்டிக்கொடுத்துவிடும்.

கவுனை வெட்டி எடுத்தபின் அதை இரண்டு லேயராகப் பிரியுங்கள். கழுத்துக்குப் பின்னால் போகும் காலர் ஒன்று, முன்பக்கம் ஒன்று. பின்காலர் கழுத்துக்கும் கூந்தலுக்கும் பின்னால் மறைய வேண்டும், அதை Layer Mask வைத்து மறையுங்கள். தோள் விளிம்பு அம்மாவின் தோளைவிடக் கொஞ்சம் வெளியே நிற்கட்டும். சேலைக்கு மேல் இன்னொரு துணி இருக்கிறதே. Warp கொண்டு தோளின் சரிவை மட்டும் சரிசெய்யுங்கள், மடிப்புகளை இழுக்காதீர்கள். கடைசியாக, கவுனின் விளிம்பு சேலைமேல் படும் இடத்தில் மெல்லிய நிழல் ஒன்று வரையுங்கள். அது இல்லாவிட்டால் கவுன் காகிதத்தில் வெட்டி வைத்ததுபோல் நிற்கும்.

"இவ்வளவு பாடு எதற்கு? வெள்ளைப் பின்னணியில் இருக்கும் கவுன் படம் ஒன்றை இறக்கி, Multiply வைத்தால் வெள்ளை தானாகப் போய்விடுமே. கருப்புத் துணிதானே?" (கல்லூரி மாணவர், சேலம்)

வெள்ளை போய்விடும், அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் கருப்புத் துணி முழுக்கக் கருப்பாக இருப்பதில்லை. மடிப்பின் மேடுகள் சாம்பலாகத்தான் இருக்கும். Multiply வைத்தால் அந்தச் சாம்பல் இடங்களில் அடியில் உள்ள துணி எட்டிப்பார்க்கும். வெள்ளைச் சட்டை என்றால் தப்பிக்கலாம். பட்டுச்சேலை என்றால் கவுன் மடிப்பில் ஜரிகைப் பூ தெரியும். நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் இப்படியே ஒரு படத்தைப் பிரிண்ட் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். படம் கேட்ட வீட்டார் சுட்டிக்காட்டிய பிறகுதான் பார்த்தேன். கவுன் Normal ஆகவே இருக்கட்டும். நிழல் லேயர்களுக்கு மட்டும் Multiply.

கருப்பின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் எடுத்த போன் படத்தில் எதுவுமே முழுக் கருப்பாக இருக்காது. அந்த ஆளின் தலைமுடியில் நிழல் விழுந்த இடத்தை அளந்து பாருங்கள். கவுனின் அடர்ந்த மடிப்பும் ஏறக்குறைய அதே அளவில் இருக்க வேண்டும். அதைவிடக் கருப்பாக இருந்தால் Curves-இல் அடிப்புள்ளியைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள்.

"கவுன் நன்றாக வந்துவிட்டது. தொப்பிதான் தலைமேல் தட்டு வைத்ததுபோல் மிதக்கிறது." (கோவை)

தொப்பியில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, முடி. உங்கள் படத்தில் முடி எடுப்பாக இருக்கிறது, நீங்கள் தொப்பியை அதன் உச்சியில் வைத்திருக்கிறீர்கள். நிஜத்தில் தொப்பி முடியை அமுக்கி மண்டையோடு ஒட்டி உட்காரும். அதன் பட்டை புருவத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் மேலே வரும். ஆகவே தொப்பியைக் கீழே இறக்கி, மேலே துருத்தும் முடியை மறைத்து, காதோரம் பிதுங்கும் முடியை மட்டும் விட்டுவையுங்கள். அந்த நாலைந்து முடிக்கற்றைகள் பட்டையின்மேல் லேசாகப் படிந்தால் தொப்பி தலையில் உட்கார்ந்துவிடும்.

இரண்டு, மேல் பலகை. கேமரா கண் உயரத்தில் இருந்தால் பலகை கேமராவுக்கு மேலே இருக்கிறது. அப்போது அதன் அடிப்பக்கம்தான் கொஞ்சம் தெரியும், மேல்பரப்பு தெரியாது. நீங்கள் போட்டிருப்பதில் மேல்பரப்பும் நடுவில் உள்ள பொத்தானும் நன்றாகத் தெரிகின்றன. அது உயரத்திலிருந்து எடுத்த தொப்பி. அதை எவ்வளவு சாய்த்தாலும் இந்த முகத்தோடு சேராது, வேறு தொப்பிதான் வேண்டும். பலகையின் ஒரு முனை நெற்றிக்கு நேராக முன்னால் வரட்டும்.

மூன்று, நெற்றி நிழல். பலகை நீட்டிக்கொண்டிருந்தால் நெற்றியில் நிழல் விழாமல் இருக்காது. கருப்பு வேண்டாம். அதே முகத்தில் தாடைக்குக் கீழே இருக்கும் நிழலின் பழுப்பு நிறத்தை எடுத்து, Multiply லேயரில் நெற்றிமேல் தடவி, நன்றாக மங்கலாக்கி, Opacity 30 சதவீதத்தில் தொடங்கிப் பாருங்கள். பட்டை தோலைத் தொடும் கோட்டில் மட்டும் மெல்லிய, அடர்த்தியான நிழல். பொட்டு நிழலுக்குள் வந்தால் அதுவும் சேர்ந்து மங்க வேண்டும், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

"என்னிடம் கணவரின் செல்ஃபி மட்டும்தான் இருக்கிறது. வாட்ஸப்பில் வந்தது." (ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்)

கைநீட்டித் தூரத்தில் எடுக்கும்போது மூக்கும் நெற்றியும் பெரிதாகி, காதும் தோளும் பின்வாங்கிவிடும். ஆறடி தள்ளி எடுத்த கவுனை அதில் போர்த்தினால் தலை மட்டும் பெரிதாகத் தெரியும். முகத்தைச் சுருக்கினாலும் மூக்கின் கணக்கு மாறாது. கவுனையும் அதே கைத்தூரத்தில், போனிலேயே எடுத்தால் ஓரளவு பொருந்தும். ஆனால் முதலில் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுங்கள். யாருடைய கல்யாணத்திலாவது நேராக நின்று எடுத்த படம் கிடைக்கலாம், குழுப் படமாக இருந்தாலும் பரவாயில்லை. கிடைத்தால் அதை வாட்ஸப்பில் டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும்.

"ஆள் உயிரோடு, ஊரிலேயே இருந்தால் கவுனை வாடகைக்கு எடுத்து மாட்டிவிட்டு ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்தால் முடிந்ததே?" (ஒரு புகைப்படக்காரர், மதுரை)

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் வருபவர்களிடம் முதலில் அதைத்தான் கேட்பேன். வெளிநாட்டில் இருப்பவர், படுக்கையில் இருப்பவர், இறந்துவிட்டவர் என்றால்தான் திருத்த வேலையில் இறங்குவேன்.

"இந்தப் படத்தை வேலை விண்ணப்பத்தில் பட்டம் வாங்கியதற்கு ஆதாரமாக வைக்கலாமா?"

வேண்டாம். ஆதாரம் பட்டச் சான்றிதழ்தான். விழாவுக்குப் போகாமல் வாங்கிய பட்டத்துக்கும் அதே மதிப்புதான் உண்டு. இது வீட்டில் மாட்டி வைக்க ஒரு படம். மேடை, வேந்தர் கையிலிருந்து சான்றிதழ் வாங்குவது போன்ற காட்சி எல்லாம் கேட்டால் நான் செய்து தருவதில்லை. நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டுவது அது. வெற்றுப் பின்னணி போதும். மேடை போட்டால் என்ன தவறு என்று கேட்கும் சக தொழில்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"எல்லாருக்கும் கருப்பு கவுன்தானா?"

இல்லை, கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கைத்தறித் துணியில் விழா உடை வைக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் கேட்டுக்கொண்டது. கருப்பு அங்கியையும் தொப்பியையும் விட்டு இந்திய உடைக்கு மாறும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2024-இல் தன் கீழுள்ள மருத்துவக் கல்வி நிறுவனங்களுக்குச் சொன்னது. அதனால் அவர் படித்த இடத்தில், அந்த ஆண்டில், விழாவுக்குப் போன வகுப்புத் தோழர் ஒருவரின் படத்தை வாங்கிப் பாருங்கள். தொப்பியே இல்லாமல் அங்கவஸ்திரம் மட்டும் இருக்கலாம். கழுத்தைச் சுற்றிவரும் பட்டையின் நிறமும் அதில்தான் தெரியும்.

"அப்பா 1974-இல் பட்டம் வாங்கினார். ரயில் செலவுக்குப் பணமில்லாமல் விழாவுக்குப் போகவில்லை. இப்போது அவர் இல்லை. கருப்பு வெள்ளைப் பாஸ்போர்ட் படம் ஒன்றுதான் இருக்கிறது. கழுத்துப் பட்டைக்கு என்ன நிறம் போடுவது?" (ஒரு மகன், திருநெல்வேலி)

படத்தை 1200 dpi-இல் ஸ்கேன் செய்யுங்கள். அவ்வளவு சிறிய படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்க முடியாது. 5×7 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டால் முகம் அப்பாவாகவே இருக்கும். பாஸ்போர்ட் படத்தில் தோள் பாதியில் வெட்டுப்படும், ஆகவே கவுனும் அங்கேயே முடியட்டும். கீழே உடம்பைக் கற்பனையாக நீட்ட வேண்டாம்.

கவுன் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கியதும் அது அப்பாவின் முகத்தைவிடத் துல்லியமாகத் தெரியும். புதிய கேமராவின் தெளிவு அது. சட்டைக் காலரின் விளிம்பு அந்தப் பழைய படத்தில் எவ்வளவு மங்கியிருக்கிறதோ அதே அளவுக்கு Gaussian Blur கொடுங்கள். பிறகு Add Noise-இல் Monochromatic தேர்ந்தெடுத்து, பின்னணிச் சுவரில் தெரியும் புள்ளிகளோடு 100 சதவீதப் பெரிதாக்கலில் ஒப்பிடுங்கள். கலங்கலைக் கொடுத்த பிறகுதான் புள்ளி. வரிசை மாறினால் புள்ளியும் சேர்ந்து கலங்கிவிடும்.

கழுத்துப் பட்டையின் நிறத்தைக் கேட்டிருந்தீர்கள். கருப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழக்கூடும், அதனால் நிறம் தெரியாமலே நடுத்தரச் சாம்பல் ஒன்றைப் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் காலத்தில் அவருடைய படிப்புக்குப் பட்டை இருந்ததா, எவ்வளவு அகலம் என்பதை என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. அப்பாவோடு படித்தவர் யாராவது இருந்தால் அவர் வீட்டுச் சுவரில் படம் இருக்கும். அது கிடைக்கும்வரை கவுனை மட்டும் போட்டு, பட்டை லேயரைத் தனியாக வைத்திருங்கள்.

"தலையில் முக்காடு போட்டிருக்கும் பெண்ணுக்கு?"

உங்களுக்கு வேலை சுலபம். தொப்பி முக்காட்டின் மேல் வரும், முடியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பட்டைக்குக் கீழே துணியில் சின்னச் சுருக்கம் நாலைந்து வரைந்து நிழல் கொடுங்கள். கவுனின் காலர் முக்காட்டுத் துணிக்கு அடியில் போக வேண்டும்.

"திரையில் நன்றாக இருந்தது, லேப் பிரிண்டில் கவுன் ஒரே கருப்புக் கட்டியாக வந்துவிட்டது." (முதலில் கேட்ட திண்டுக்கல் மகள்)

போன் திரையின் வெளிச்சத்தில் தெரியும் மடிப்பு தாளில் தெரியாது. கவுன் லேயருக்கு மட்டும் Curves-இல் நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்கி, முதலில் 4×6-இல் ஒரு பிரிண்ட் போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கைமடிப்பு தெரிந்தால் 12×18-க்குக் கொடுங்கள். படத்தின் பின்னால் அம்மாவின் பெயர், படிப்பு, முடித்த ஆண்டு, கவுன் பிறகு சேர்த்தது என்ற விவரம், இவற்றைப் பென்சிலால் எழுதிவிட்டு அப்புறம் ஃபிரேமுக்கு அனுப்புங்கள்.