பழைய கார் போகட்டும், என்சிபி உங்களோடு வரட்டும்

கேள்வி: நாலரை வருடம் ஓட்டிய காரை ஷோரூமிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கிறேன். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியில், கிளைம் போடாததற்குத் தள்ளுபடியாகக் கிடைக்கும் நோ கிளைம் போனஸ் என்கிற என்சிபி 45% இருக்கிறது, பாலிசி முடிய இன்னும் 5 மாதம். கிளைம் எதுவும் இல்லை. ஷோரூமில் கேட்டால் "அது பழைய வண்டியோட போயிடும் சார்" என்கிறார்கள். நிஜமாகவே போய்விடுமா?

போகாது. இந்திய விதிப்படி நோ கிளைம் போனஸ் வண்டிக்கு உரியது அல்ல, பாலிசி யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு உரியது. வண்டியை வாங்குகிறவருக்கு அது போகவும் கூடாது. உங்கள் பாலிசியை அவர் தன் பேருக்கு மாற்றிக்கொண்டால், மீதி மாதங்களுக்கான தள்ளுபடியை நிறுவனம் அவரிடம் திரும்ப வசூலிக்கும். பழைய காருக்கு வருடத் தள்ளுபடி 3,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மீதி 5 மாதத்துக்கு அவர் கட்ட வேண்டியது 1,500 ரூபாய்.

ஷோரூம்காரர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் தெரியாமை மட்டும் என்று நான் நம்பவில்லை. பிரீமியம் பெரிதாக இருந்தால் அவருக்கு வருவதும் பெரிது, அதோடு கடிதம் வரும்வரை டெலிவரியை நிறுத்திவைக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

எவ்வளவு பணம் என்று பாருங்கள். தள்ளுபடி, உங்கள் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் ஒரு பைசா குறையாது. புதுக் காருக்கு ஓன் டேமேஜ் 24,000 ரூபாய் வருகிறது என்றால் அதில் 45% என்பது 10,800, அந்தத் தொகைக்கான 18% ஜிஎஸ்டி 1,944-ம் மிச்சம். ஆக 12,744 ரூபாய். பழைய கார் சின்னதாக, பிரீமியம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, சதவீதம்தான் கூட வருகிறது, புதிய பிரீமியத்தின் மேல் அது வேலை செய்யும். சிலர் "5 மாதம் பொறுத்தால் 50% ஆகிவிடுமே" என்பார்கள். ஆகும், கிளைம் இல்லாத 5 வருடம் முழுசாக முடிந்தால்தான் 50%, நடுவில் விற்றால் பாலிசியில் இருக்கிற 45 தான் கிடைக்கும். ஆனால் அந்த 5% என்பது இங்கே 1,200 ரூபாய், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது பழைய நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம். என்சிபி ரிட்டென்ஷன் லெட்டர், ரிசர்விங் லெட்டர், என்சிபி சர்டிபிகேட் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், எல்லாம் ஒன்றுதான். கார் கைமாறிய பிறகுதான் இது கிடைக்கும், ஏனென்றால் ஒரே போனஸை இரண்டு காருக்குப் பயன்படுத்த முடியாது. பாலிசி நகல், வாங்குபவர் கையெழுத்துப் போட்ட, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ன் நகல்கள், டெலிவரி நோட், ஆர்சி நகல் ஆகியவற்றை இமெயிலில் அனுப்பிக் கேளுங்கள். சில நிறுவனங்கள் ஆர்சியே புதியவர் பேருக்கு மாறியிருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும், எக்ஸ்சேஞ்சில் சிக்கல் வருவதும் இங்கேதான். டீலர் உங்களிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஆள் கிடைக்கும்வரை வண்டியை யார் பேருக்கும் மாற்றாமல் நிறுத்தியிருப்பார். அதனால் படிவங்களை வெற்றாகக் கொடுக்காதீர்கள், தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் எழுதிய டெலிவரி நோட்டை டீலரின் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற டீலராக இருந்தால் படிவம் 29சி மூலம் வண்டி தன் கைக்கு வந்ததை ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க முடியும், அந்த ஒப்புகையையும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கடிதம் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று, ஆர்சி மாறுவதற்கு முன்பே பழைய பாலிசியை ரத்து செய்துவிடாதீர்கள். ஆர்சியில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பாலிசியும் இல்லாமல், வண்டி இன்னும் உங்கள் பேரில் இருக்க யாரோ ஓட்டி மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடிதம் கைக்கு வந்ததும் புதிய பாலிசி எடுக்கும்போதே கொடுத்துவிடுங்கள், எந்த நிறுவனமாக இருந்தாலும் சரி, பழைய நிறுவனத்திலேயே எடுக்க வேண்டும் என்று இல்லை. புதுக் கார் உடனே எடுக்கவில்லை என்றாலும் கடிதம் 3 வருடம்வரை செல்லும். புதிய காரும் உங்கள் பேரில்தான் இருக்க வேண்டும், மனைவி பேரில் பதிவு செய்தால் இந்த 45% அங்கே ஒட்டாது. பைக்கில் சம்பாதித்த போனஸ் காருக்குச் செல்லாது என்பதையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அதையும் யாராவது கேட்பார்கள்.

கேள்வி: காரை விற்கவில்லை, அடுத்த மாதம் புதுப்பிக்கும்போது நிறுவனத்தை மட்டும் மாற்ற நினைக்கிறேன். அதற்கும் இந்தக் கடிதம் வேண்டுமா?

வேண்டாம். பழைய பாலிசியின் நகலோ புதுப்பித்தல் அறிவிப்போ போதும், புதிய நிறுவனம் அதைப் பார்த்துச் சதவீதத்தைப் போட்டுவிடும். முதல் வருடம் முடிந்தால் 20, அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50, அதற்கு மேல் கிடையாது. பழைய பாலிசியில் எழுதியிருப்பது போன வருடம் கிடைத்த சதவீதம், கிளைம் இல்லையென்றால் உங்களுக்கு இப்போது அதற்கு அடுத்த படி. ஆன்லைனில் நிரப்பும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்துவிட வேண்டும், தாண்டினால் 50% வைத்திருந்தவரும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உண்மையான ஆபத்து அந்த "கடந்த வருடம் கிளைம் செய்தீர்களா" என்ற கேள்வியில் இருக்கிறது. பம்பரில் சின்னக் கீறல்தானே என்று "இல்லை" போட்டுவிடுவார்கள், சில ஏஜென்ட்களே போட்டுத் தருவார்கள். அது வெறும் கட்டம் கிடையாது, உறுதிமொழி. பொய் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பலன்கள் முழுவதும் பறிபோகும் என்பது அதன் வாசகத்திலேயே இருக்கிறது. பழைய நிறுவனத்திடம் கேட்டால் தெரிந்துவிடும் விஷயம் இது, பெரும்பாலும் பெரிய கிளைம் ஒன்று வரும்போதுதான் துருவிப் பார்ப்பார்கள். சில ஆயிரம் தள்ளுபடிக்காக சில லட்சத்தை இழப்பது அப்போதுதான்.

நேர்மையானவர்களும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. பாலிசி 30-ம் தேதி முடிகிறது, நீங்கள் 8-ம் தேதியே புதிய நிறுவனத்தில் பணம் கட்டிவிட்டீர்கள், கிளைம் இல்லை என்று எழுதியது அன்றைக்கு உண்மைதான். 20-ம் தேதி யாரோ பின்னால் இடித்து, பழைய பாலிசியில் கிளைம் போட்டுவிட்டீர்கள். இப்போது அந்த உறுதிமொழி தப்பாகிவிட்டது. புதிய நிறுவனத்துக்கு உடனே எழுதித் தெரிவித்து, என்சிபியை எடுத்துவிடச் சொல்லி வித்தியாசத் தொகையைக் கட்டுங்கள், மாற்றியதற்கான எண்டார்ஸ்மென்ட் கைக்கு வரும்வரை விடாதீர்கள். என்சிபி புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருக்கிறேனே என்றால், அது பெரும்பாலும் அதே நிறுவனத்தில் புதுப்பித்தால்தான் காப்பாற்றும், அந்த வருடம் மட்டும் மாறாமல் இருப்பது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.