விதவை உதவித்தொகை: எந்தக் காகிதம் கேட்கிறார்கள், எதற்காகத் தள்ளுபடி செய்கிறார்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு 45 வயது. அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இ-சேவையில் விதவை பென்ஷனுக்கு எழுதிப் போட்டோம். "ஆதரவற்றவர் அல்ல" என்று நிராகரித்துவிட்டார்கள். அப்படியென்றால் என்ன தகுதி பார்க்கிறார்கள்? திரும்பப் போடும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்:

என் அத்தைக்கு இதே உதவித்தொகை வாங்க எட்டு மாதம் அலைந்தவன் நான். இரண்டு முறை தள்ளுபடி ஆனது, மூன்றாவது முறை கிடைத்தது. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

நம் ஊரில் எல்லோரும் "ஓஏபி பணம்" என்று ஒரே பெயரில் சொன்னாலும், கணவனை இழந்தவர்களுக்கு இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று தமிழ்நாடு அரசின் ஆதரவற்ற விதவை உதவித்தொகை. 1975-லிருந்து நடக்கிறது, 18 வயது முடிந்திருந்தால் போதும். இன்னொன்று மத்திய அரசு 2009-ல் கொண்டுவந்த இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியம். இதற்கு 40 வயது ஆகியிருக்க வேண்டும், குடும்பம் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருக்க வேண்டும். கைக்கு வரும் தொகை இரண்டிலும் ஒன்றுதான். 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். மத்தியத் திட்டத்தில் 80 வயதுக்குக் கீழே என்றால் அதில் 300 ரூபாய் டெல்லியிலிருந்து வருகிறது, மீதியை மாநிலம் போடுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அத்தையின் முதல் மனு விழுந்ததே இங்கேதான். இ-சேவை மையத்துப் பையன் 43 வயது என்று பார்த்ததும் மத்தியத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டான். அத்தையின் குடும்பம் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இல்லை. விசாரணைக்குக்கூட யாரும் வரவில்லை, நேராகத் தள்ளுபடி. உங்கள் ஒப்புகைச் சீட்டில் எந்தத் திட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பட்டியல் எண் கையில் இல்லையென்றால் மாநிலத் திட்டத்தில் போடச் சொல்லுங்கள்.

சரி, இனி "ஆதரவற்றவர்" விஷயம். இந்த மனுவில் அலுவலகம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுகிறது. இவர் விதவையா? ஆதரவில்லாதவரா? முதல் கேள்விக்குக் காகிதம் பதில் சொல்லும். இரண்டாவதற்குக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதும் அறிக்கைதான் பதில். மனு வி.ஏ.ஓ.விடம் போகிறது, அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர், அதற்கு மேலே தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். கையெழுத்துப் போடுவது வட்டாட்சியர்தான் என்றாலும், வி.ஏ.ஓ. என்ன எழுதினாரோ அதை ஒட்டித்தான் முடிவு வரும்.

காகிதத்தில் முக்கியமானது கணவரின் இறப்புச் சான்று. மாமா இறந்தது எங்கள் ஊரில் இல்லை, பக்கத்து நகரத்தின் அரசு மருத்துவமனையில். இறப்பை உயிர் போன இடத்தில்தான் பதிவார்கள். ஆகவே சான்று எங்கள் கிராமத்தில் கிடைக்கவில்லை, அந்த நகராட்சியில் இருந்தது. அதை வாங்கினால் இன்னொரு சிக்கல். மருத்துவமனையில் சேர்க்கும்போது யாரோ கூப்பிடும் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். சான்றில் "செல்வம்", ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் "செல்வராசு". அத்தையின் ஆதாரில் கணவர் பெயரும் செல்வராசு. சான்றில் இருக்கும் செல்வம் யார் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. இரண்டாவது மனுவுக்கு நாள் குறைவாக இருந்ததால் இதைத் திருத்தாமலே கொடுத்தோம். தப்பு.

திருத்தம் செய்வது நாம் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. பதிவு செய்த அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பிரிவில், மாமாவின் ஆதார், ரேஷன் அட்டை, அத்தையின் ஆதார் மூன்றின் நகலோடு மனு கொடுத்தோம். பதிவாளருக்கே பிழையைத் திருத்தும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. ஒன்றரை மாதத்தில் திருத்திய சான்று வந்தது. சமீபத்திய பதிவுகள் crstn.org தளத்திலேயே கிடைக்கும், அலையுமுன் அங்கே தேடிப் பாருங்கள். இறப்பையே பதியவில்லை என்றால்தான் பாடு. 21 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும்; ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியரிடம் ஆணை வாங்காமல் பதிய முடியாது.

மற்ற காகிதங்கள் எளிது. ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், அம்மா பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம். கணவரோடு சேர்ந்து வைத்திருந்த கூட்டுக் கணக்கைக் கொடுக்காதீர்கள், புதிதாக ஒன்று தொடங்கிவிடுங்கள். குடும்ப அட்டையில் அப்பா பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அரிசி குறையும் என்று நீக்காமல் வைத்திருப்பார்கள். அட்டையில் உயிரோடு இருப்பவரின் மனைவி விதவைப் பணம் கேட்டால் வி.ஏ.ஓ. என்ன செய்வார்? எங்கள் வீட்டில் இதைப் பார்த்துவிட்டு, "முதல்ல இதை நீக்கிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினார். அதில் அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் மனு விழுந்த இடத்துக்கு வருகிறேன். ஆதரவற்றவர் என்றால் சொந்த வருமானமோ குடும்பத்தாரின் தாங்குதலோ நிலையாக இல்லாதவர் என்று பொருள். கூடவே சொத்துக்கு ஒரு வரம்பு உண்டு, ஒரு லட்சம் ரூபாய். முன்பு 50,000 ஆக இருந்ததை உயர்த்தினார்கள். மறுமணம் செய்திருக்கக் கூடாது. அத்தைக்கு இடித்தது சொத்தும் மகனும்.

சொத்துக் கதை இது. மாமாவும் அவருடைய இரண்டு அண்ணன்களும் சேர்ந்து ஒரே கூட்டுப் பட்டா. 90 சென்ட், வானம் பார்த்த பூமி. இரண்டாவது மனுவின் அறிக்கையில் "கணவர் பெயரில் 90 சென்ட் நிலம் உள்ளது" என்று ஒரே வரி. எங்கள் பக்கம் வழிகாட்டி மதிப்பு சென்டுக்குச் சுமார் 2,000 ரூபாய். 90 சென்ட் என்றால் 1,80,000. வரம்பைத் தாண்டிவிட்டது, நிராகரிப்பு. ஆனால் கணக்கு அப்படிப் போகக் கூடாது. மூன்று பேரில் மாமாவின் பங்கு 30 சென்ட், அதாவது 60,000. மாமாவுக்கு வாரிசுகள் நான்கு பேர்: அத்தை, ஒரு மகன், ஒரு மகள், மாமாவின் அம்மா. இந்து வாரிசுரிமைப்படி நால்வருக்கும் சமபங்கு. ஆக அத்தையின் பங்கு ஏழரை சென்ட், 15,000 ரூபாய்.

இதை வாயால் சொன்னால் எடுபடாது. மூன்றாவது முறை கூட்டுப் பட்டாவின் நகலையும், தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றையும், tnreginet.gov.in தளத்திலிருந்து அந்தச் சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பையும் எடுத்து, மேலே சொன்ன கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, வி.ஏ.ஓ. கையிலேயே கொடுத்தோம். அவரும் மறுக்கவில்லை. உண்மையில் அவருக்கு வேலை மிச்சம்.

அடுத்தது மகன். "வயசு வந்த பையன் இருந்தால் கிடையாது" என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். பையன் தாங்குகிறானா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அத்தை மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான், வயது 20, அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சம்பளம் சரியாகிவிடும். இரண்டாவது மனுவின் விசாரணையில் அத்தை பெருமைக்காக, "என் பையன் என்னை ராஜாத்தி மாதிரி பாத்துக்கிறான்" என்று சொல்லிவிட்டார். வந்தவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்! அம்மாக்கள் வெளி ஆளிடம் மகனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆகவே விசாரணைக்கு வரும் நாளில் நீங்களும் கூட இருங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள், எந்த மாதம் அனுப்பவில்லை என்பதை உள்ளபடி சொன்னால் போதும். அத்தை நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போவதை மறைக்காமல் சொன்னோம். அறிக்கையிலும் அது இருந்தது, அதனால் தடை எதுவும் வரவில்லை.

உங்கள் மனுவில் இந்த இரண்டில் எது இடித்தது என்று தெரியாமல் திரும்பப் போட்டால் அதே பதில்தான் வரும். "ஆதரவற்றவர் அல்ல" என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஓர் அறிக்கை இருக்கிறது. நேரில் கேட்டுப் பாருங்கள், காட்டாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் இருவரின் அறிக்கை நகலையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அறிக்கையில் 90 சென்ட் என்று எழுதியிருந்தது எங்களுக்குத் தெரிந்ததே இப்படித்தான். நகல் கைக்கு வந்த பிறகு இ-சேவையில் புது மனுவாகப் போடலாம், ஒருமுறை தள்ளியதால் மறுபடி போடக் கூடாது என்றெல்லாம் இல்லை. காரணம் தவறு என்று ஆதாரம் இருந்தால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் அந்த நகலோடு மனு கொடுத்து வைக்கலாம்.

கிடைத்தாலும் அப்பா இறந்த நாளிலிருந்து கணக்குப் போட்டுப் பழைய பாக்கி எதுவும் தர மாட்டார்கள். அப்புறம், உங்கள் அம்மா ஏற்கெனவே கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வாங்குகிறாரா என்று பாருங்கள். ஒரே ஆள் இரண்டையும் வாங்க முடியாது. அத்தைக்கு அது வரவில்லை, அதனால் 1,200 முழுசாகக் கூடுதல். உங்கள் அம்மாவுக்கு வருகிறது என்றால் இத்தனை அலைச்சலுக்கும் மிஞ்சுவது மாதம் 200 ரூபாய். அதற்கு அலைவதா வேண்டாமா என்று அம்மாவிடமே கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.