போணியின் எடையை முன்கூட்டிச் சொல்லத் தெரிகிறதா? பத்தாம் வகுப்பு முடித்த மகனுக்கு ஒரு வீட்டுச் சோதனை

அண்ணாச்சி, கணக்கில் மதிப்பெண் குறைந்த பையனைப் பாத்திரப் பட்டறை வேலைக்கான ஐ.டி.ஐ. படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பெண் பட்டியலை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம். பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தில் அவன் படித்த உருளைக் கணக்கைத்தான் பட்டறையில் தினமும் போடுகிறார்கள். அதை ஒரு நிஜப் பாத்திரத்தில் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் பக்கம் நேராக இருக்கும் எவர்சில்வர் போணி ஒன்றை எடுங்கள். அடியில் அலுமினியம் ஒட்டியது வேண்டாம், அதன் அடர்த்தி வேறு. கைப்பிடி இருந்தாலும் கணக்கு குழம்பும். தையல் டேப்பை வெளிப்பக்கம் சுற்றி, வந்த அளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். விட்டம் 24 செ.மீ., விளிம்பு உருட்டுக்குக் கீழே வரை உயரம் 15 செ.மீ., தகடு 0.8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

அடிப்பகுதி 3.14 × 12 × 12, அதாவது 452 சதுர செ.மீ. சுவர் 3.14 × 24 × 15, அதாவது 1,130. விளிம்பில் சுருட்டிய தகட்டைப் பையன்கள் மறந்துவிடுவார்கள். உருட்டின் தடிமன் 5 மி.மீ. என்றால் அதற்குள் சுமார் ஒன்றரை செ.மீ. அகலத் தகடு சுருண்டிருக்கும். அது 113. கூட்டினால் 1,695 சதுர செ.மீ. இதைத் தடிமன் 0.08 செ.மீ.-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 136 கன செ.மீ. 304 ரக எவர்சில்வரின் அடர்த்தி ஒரு கன செ.மீ.-க்கு 7.93 கிராம். ஆக, எடை சுமார் 1,075 கிராம்.

தராசில் வைத்தால் 1,035 பக்கம் காட்டலாம். அடி மூலை வளைந்திருப்பதுதான் காரணம். 2 செ.மீ. ஆர வளைவு இருந்தால் நம் கணக்கில் 66 சதுர செ.மீ. கூடுதலாக வந்திருக்கும், எடையில் அது 40 கிராமுக்கு மேல். இந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று பையனாகவே மூலையைத் தடவிப் பார்த்துச் சொன்னால், எனக்கு அது போதும்.

விடை பத்து கிலோவைத் தாண்டினால் மில்லிமீட்டரைச் செ.மீ. ஆக்காமல் பெருக்கியிருக்கிறான். சரியாக இரண்டு மடங்கு வந்தால் உள்பரப்பு, வெளிப்பரப்பு இரண்டையும் கூட்டியிருக்கிறான். தடிமனை ஏற்கெனவே பெருக்கிவிட்டதால் ஒரு பக்கப் பரப்பே போதும். 2.7 கிலோ பக்கம் வந்தால் எல்லா இடத்திலும் ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருப்பான். இவையெல்லாம் பழகினால் திருந்துகிற தவறுகள்.

தடிமன்தான் உண்மையான சிக்கல். கடையில் 22 கேஜ் என்பார்கள். எந்த அட்டவணை என்பதைப் பொறுத்து அது 0.71 மி.மீ. ஆகவும் இருக்கும், 0.79 ஆகவும் இருக்கும். அதனால் மி.மீ.-இல் கேட்க வேண்டும். பாத்திரத்தின் வாய்ப்பக்கம் திருகு அளவியை வைத்துப் பார்த்தாலும் ஏமாறுவோம். பிரஸ்ஸில் அழுத்தி இழுக்கும்போது அடி கிட்டத்தட்டப் பழைய தடிமனிலேயே நிற்கும், அடி மூலைக்குச் சற்று மேலே மெலியும், வாய்ப்பக்கம் தடிக்கும். வாயில் 0.9 என்று அளந்து அதையே எல்லா இடத்துக்கும் போட்டால் எடை 130 கிராம் கூடிவிடும்.

அதனால் பட்டறையில் பாத்திரத்தை விட்டுவிட்டு, அதற்கு வெட்டிய வட்டத் தகட்டைத்தான், அதாவது சர்க்கிளைத்தான், கணக்குப் போடுவார்கள். இழுக்கும்போது வடிவம் மாறும், எடை மாறாது. மூலை வளைவை விட்டுவிட்டு, உயரம் 15 செ.மீ.-உடன் உருட்டின் ஒன்றரை செ.மீ.-ஐயும் சேர்த்தால், இந்தப் போணிக்கு சர்க்கிள் விட்டம் √(24² + 4 × 24 × 16.5), அதாவது 46.5 செ.மீ. அதை 46.5 செ.மீ. சதுரத்திலிருந்து வெட்டினால் வாங்கும் தகடு சுமார் 1,370 கிராம், கழிவாகப் போவது 295 கிராம் வரை. விளிம்பைச் சீராக்க நறுக்குவதற்குக் கொஞ்சம் கூடுதலாகவும் விட வேண்டும். தகடும் கிலோ கணக்கு, பாத்திரமும் கிலோ கணக்கு. கழிவைச் சேர்க்காமல் விலை சொன்னவர் கைக்காசு போட்டுத்தான் விற்க வேண்டியிருக்கும்.

போணியோடு மல்லுக்கட்ட அவனுக்குப் பிடித்திருந்தால், டூல் அண்ட் டை மேக்கர் பிரிவைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு தேர்ச்சிக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு, இழுக்கும் அச்சைச் செய்யும் வேலை அது. தகடு வெட்டி மடக்குவதில் மட்டும் ஆசை என்றால் ஷீட் மெட்டல் ஒர்க்கர் ஒரே ஆண்டு. திருநெல்வேலி பேட்டை அரசு ஐ.டி.ஐ.-இல் இந்த ஆண்டு எந்தெந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று நேரில் விசாரித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள். போகும்போது பையனையும் கூட்டிப்போய் ஒர்க்ஷாப்பைக் காட்டுங்கள், அண்ணாச்சி.